சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, அடுப்பில் இல்லை

லடாக்கின் லே நகரத்தில் ஜனவரி மாதம் அடிக்கடி காதில் விழும் புகார், "கேஸ் உறைஞ்சு போச்சு" என்பது. இந்தியில் சொல்வார்கள், லடாக்கியில் சொல்வார்கள், வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்த நம்மூர்க்காரர்கள் தமிழிலும் சொல்வார்கள். சிலிண்டரைத் தூக்கினால் கனமாக இருக்கும், ஆட்டினால் உள்ளே திரவம் அலம்பும் சத்தம் கேட்கும். அடுப்பிலோ நகக்கண் அளவு நீலச்சுடர் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும்.

உண்மையில் எதுவும் உறையவில்லை. சமையல் கேஸில் பெரும்பாலும் இருப்பவை புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு பொருட்கள். பியூட்டேன் உறைய மைனஸ் 138 டிகிரி வேண்டும், புரோப்பேனுக்கு மைனஸ் 188. பூமியில் எந்த ஊரிலும் அப்படி ஒரு குளிர் கிடையாது. சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் திரவமாகவேதான் இருக்கிறது. பிரச்சினையே அதுதான். அது திரவமாகவே இருந்துவிடுகிறது, ஆவியாக மறுக்கிறது.

வேலை நிமித்தம் அங்கே சில குளிர்காலங்களைக் கழித்தவன் நான். வாடகைக்கு இருந்த வீட்டில் சிலிண்டர் சமையலறைக்கு வெளியே, வடக்குப் பக்கத்துத் திண்ணையில் இருந்தது. சுவரில் துளை போட்டு டியூப்பை உள்ளே விட்டிருந்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்த நல்ல ஏற்பாடு, மே மாதத்துக்கு. வீட்டுக்கார அம்மா (ஊரே அவரை ஆமா-லே என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே) தன் சிலிண்டரை ஒருநாளும் வெளியே வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால், "குளிரில் யாராவது வேலை செய்வார்களா?" என்பார். அவருடைய பதிலில் இருந்த இயற்பியலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கப் போகிறேன்.

சிலிண்டரிலிருந்து கேஸை அடுப்புக்குத் தள்ள பம்ப் எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் திரவம் தானே கொதித்து ஆவியாகிறது, அந்த ஆவி தன் அழுத்தத்தால் தானே வெளியே வருகிறது. அடுப்பைத் திருகும்போதெல்லாம் சிலிண்டருக்குள் ஒரு பானை கொதிக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் பானை 100 டிகிரியில் கொதிக்கும். திறந்து வைத்தால் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில், அதாவது தண்ணீர் உறையும் புள்ளிக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில். சென்னையில் 30 டிகிரி வெயிலில் இரண்டுமே தலைதெறிக்கக் கொதிக்கக் காத்திருக்கின்றன. மூடிய சிலிண்டர்தான் அவற்றைத் திரவமாக அடக்கி வைத்திருக்கிறது. லேயில் மைனஸ் 10 டிகிரி விடியலில் புரோப்பேனுக்கு வேகம் இன்னும் மிச்சமிருக்கும். பியூட்டேன் சோம்பிக் கிடக்கும்.

ஆக, குளிர்நாட்டில் சிலிண்டரின் தலையெழுத்து இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. கலவையில் புரோப்பேன் எவ்வளவு, திரவத்துக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விளையாடுவதால்தான் விஷயம் குழப்பமாகத் தெரிகிறது.

முதலில் கலவை. இந்தியாவில் சிலிண்டர் மேல் விகிதம் எழுதியிருக்காது. இந்தியத் தர நிர்ணயமும் இத்தனை சதவீதம் புரோப்பேன் இருக்க வேண்டும் என்று ஒரே விகிதத்தைக் கட்டிப்போடவில்லை. குறிப்பிட்ட வெப்பநிலையில் ஆவியழுத்தம் ஒரு மேல்வரம்பைத் தாண்டக் கூடாது என்பது போன்ற எல்லைகளைத்தான் வகுக்கிறது. சுத்திகரிப்பு ஆலையையும் கப்பலில் வந்த சரக்கையும் பொறுத்து விகிதம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஆனால் இறக்குமதி விலையைக் கணக்கிட அரசு பயன்படுத்தி வந்த சூத்திரத்தில் 40 சதவீதம் புரோப்பேன், 60 சதவீதம் பியூட்டேன் என்று எடுத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க அது நல்ல ஆரம்பம். வீட்டுச் சிலிண்டர் என்றால் 14.2 கிலோ. அதில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிலோ புரோப்பேன், எட்டரைக் கிலோ பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம். நிஜக் கேஸில் ஐசோபியூட்டேன் என்ற தம்பி ஒருவனும் கலந்திருப்பான். மைனஸ் 12 டிகிரி வாக்கில் கொதிப்பவன், அண்ணனைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவனை விட்டுவிடுகிறேன்.

இப்போது சிலிண்டரை மைனஸ் 10 டிகிரியில் வைத்து, மெதுவாக, வெப்பநிலை மாறாமல் கேஸை எடுத்துக்கொண்டே போகிறோம். திரவத்தில் புரோப்பேன் 40 சதவீதம்தான். ஆனால் அதற்கு மேலே சேரும் ஆவியில் எடைக்கணக்கில் முக்கால் பங்கு புரோப்பேன். ஓடத் துடிப்பவன் முதலில் ஓடுகிறான். நம் அடுப்பில் எரிவது அந்த ஆவிதான் என்பதால், சிலிண்டர் புதிதாக இருக்கும் நாட்களில் நாம் கலவையை எரிப்பதில்லை; பெரும்பாலும் புரோப்பேனை மட்டும் வடித்து எரித்துக்கொண்டிருக்கிறோம்.

பாதிச் சிலிண்டர் தீர்ந்தபோது உள்ளே மிச்சமிருக்கும் ஏழு கிலோ சொச்சத்தில் புரோப்பேன் 16 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டி, நாலு கிலோ சொச்சம் மீதி என்ற நிலைக்கு வந்தால் அது வெறும் 4 சதவீதம். அந்த நாலு கிலோ கிட்டத்தட்டச் சுத்தமான பியூட்டேன். தீபாவளிக்கு வாங்கிய சிலிண்டரும் பொங்கலுக்கு மிஞ்சிய சிலிண்டரும் வேறு வேறு எரிபொருள் என்று சொன்னால் தவறில்லை. "புது சிலிண்டர் நல்லா எரிஞ்சது, பாதிக்கு மேல சண்டித்தனம் பண்ணுது" என்று சொல்கிறவர்கள் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். கேஸ்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவர்கள் கட்டும் முடிவு மட்டும்தான் தப்பு.

(இதே வடிகட்டல் நம்மூரிலும் நடக்கிறது. கேஸ் தீரும் சமயத்தில் நாற்றம் கூடுதலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கசிவைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் மெர்காப்டன் பியூட்டேனைவிடவும் சோம்பேறி, 35 டிகிரியில்தான் கொதிக்கும். அதனால் அது கடைசிவரை அடியில் தங்கித் தங்கிச் செறிவாகிறது.)

அழுத்தமாக மாற்றினால் படம் தெளிவாகும். கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருந்தால்தான் கேஸ் வெளியே வரும். நாம் எடுத்துக்கொண்ட கலவை மைனஸ் 10 டிகிரியில் புதுச் சிலிண்டரில் 2 பார் தரும். பாதியில் அது 1.25 பாராக இறங்கும். நாலு கிலோவில் 0.85 பார். கடல்மட்டத்து ஊர் ஒன்றில் இந்தக் குளிர் அடித்தால் கதை அங்கேயே முடிந்தது: வெளியே 1 பார், உள்ளே அதைவிடக் குறைவு. வால்வைத் திறந்தாலும் கேஸ் வராது.

ஆனால் லே கடல்மட்டத்தில் இல்லை, 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே 0.65 பார்தான். மலையேறினால் எல்லாம் மோசமாகும் என்று நினைக்கும் நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் உயரம் நமக்கு உதவுகிறது. தண்ணீர் அங்கே 88 டிகிரியிலேயே கொதிப்பது எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால் பியூட்டேனும் மைனஸ் 12 டிகிரி வரை கொதிக்கச் சம்மதிக்கிறது. ஒரே அளவு குளிர் அடிக்கும் சமவெளி நகரத்தைவிட லேயில் சிலிண்டர் கொஞ்சம் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். (தண்ணீர் 88 டிகிரியில் கொதிப்பதால் பருப்பு வேக நேரமாகிறது, அதனால் கேஸ் கூடுதலாகச் செலவாகிறது என்பது அதன் மறுபக்கம். குக்கர் இல்லாமல் அங்கே குடித்தனம் நடத்த முடியாது.)

வெளிக்காற்றைவிட ஓர் இழை கூடுதலாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நம் வீட்டு ரெகுலேட்டர் அடுப்புக்குக் கொடுப்பது 30 மில்லிபார், மிகச் சின்ன அழுத்தம். ஆனால் அதைச் சீராகக் கொடுக்க, உள்ளே வரும் பக்கம் அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்க வேண்டும். நாலு கிலோ மிச்சமுள்ள சிலிண்டர் மைனஸ் 10 டிகிரியில் லேயின் காற்றைவிட 0.2 பார் கூடுதலாகத் தருகிறது. ஒரு பர்னரைச் சிறிதாக எரிக்கலாம். இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரண்டும் சுருங்கும்.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் திரவம் மைனஸ் 10 டிகிரியில் நிலையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போட்டது. அடுப்பு எரியும்போது அப்படி இருக்காது. பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

கொதிக்க வெப்பம் வேண்டும். ஒரு கிலோ பியூட்டேன் ஆவியாக ஏறத்தாழ 385 கிலோஜூல் தேவை. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் முழுதாக எரிந்தால் மணிக்கு 150 கிராம் அளவில் கேஸ் எடுக்கும். அதை ஆவியாக்க இடைவிடாமல் 16 வாட் வெப்பம் வந்துகொண்டிருக்க வேண்டும். பதினாறு வாட் பெரிய விஷயமில்லை, ஒரு சின்ன பல்புக்கு ஆகும் மின்சாரம். ஆனால் சிலிண்டருக்குள் பல்பு இல்லை. அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து இரும்புத் தகடு வழியாகத்தான் வர வேண்டும். காற்று வெப்பத்தைத் தருவதில் பெரிய கஞ்சன். சிலிண்டர் காற்றைவிடக் குளிர்ந்தால்தான் தரவே ஆரம்பிக்கும். அதுவும் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு வழியாக வருவதுதான் உண்மையில் பயன்படும். மேலே காலியாக இருக்கும் பகுதி வேடிக்கைதான் பார்க்கும்.

நிறைந்த சிலிண்டரில் திரவம் முக்கால் உயரத்துக்கு நிற்கும், தொடும் பரப்பு அதிகம். என் கணக்கில் அது காற்றைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ந்தாலே 16 வாட் கிடைத்துவிடும். நாலு கிலோ மட்டும் இருக்கும் சிலிண்டரில் திரவம் அடியில் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதே 16 வாட்டுக்கு அது காற்றைவிடப் பதினைந்து டிகிரிக்கு மேல் குளிர்ந்தாக வேண்டும். காற்று மைனஸ் 10 என்றால் திரவம் மைனஸ் 25-ஐ நோக்கி இறங்கப் பார்க்கும். அவ்வளவு தூரம் அது போகாது. மைனஸ் 20 டிகிரி வருவதற்குள் அந்தத் திரவத்தின் அழுத்தம் 0.55 பாராகி, லேயின் 0.65-க்குக் கீழே போய்விடும். சுடர் சுருங்கும்; சுடர் சுருங்கினால் எடுக்கும் கேஸ் குறையும்; கேஸ் குறைந்தால் குளிர்வதும் மெதுவாகும். கடைசியில் காற்று எவ்வளவு வெப்பம் தருகிறதோ அதற்கேற்ற குட்டிச் சுடரில் போய் நின்றுவிடும். நகக்கண் அளவு நீலம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதன் கணக்கு இது.

இந்த இறக்கம் உடனே நடந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாலு கிலோ திரவமும் அதைச் சுற்றிய இரும்பும் தம் சொந்தச் சூட்டைச் செலவழித்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கும். வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால்கூட, ஒரு பர்னருக்கு மணிக்கு மூன்று, நான்கு டிகிரி என்ற வேகத்தில்தான் குளிரும். அதனால்தான் டீ போடும்போது நன்றாக எரியும் அடுப்பு, ராஜ்மா வேகவைக்கும்போது நடுவில் கைவிடுகிறது. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால் மறுபடி எரிகிறது. "பேய் பிடிச்ச சிலிண்டர்" என்று பக்கத்து அறை நண்பர் சொல்வார். பேய் இல்லை, அந்த இடைவெளியில் அது காற்றிலிருந்து சூடு வாங்கிக்கொள்கிறது.

இதைப் பார்க்கக் குளிர்நாட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சென்னையில் கல்யாண மண்டபத்துச் சமையலறையில் பெரிய அடுப்புகள் மணிக்கணக்கில் எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பகுதி முழுக்க வியர்த்திருக்கும், சில சமயம் வெண்பனியே பூக்கும். அந்த ஈரக்கோடு எங்கே முடிகிறதோ அதுவரைதான் உள்ளே திரவம். கேஸ் எவ்வளவு மிச்சம் என்பதற்கு அது ஒரு நம்பகமான அடையாளம்.

சரி, சிலிண்டர் படுத்துவிட்டால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்?

முதல் வேலை, கம்பளி சுற்றுவது. பார்க்கப் பரிவாக இருக்கும், பலன் நேர்மாறு. கம்பளி நம்மைக் காப்பது நம் உடம்பு சூடு உண்டாக்குவதால். சிலிண்டர் சூடு உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து வாங்குகிறது. காற்றிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் கம்பளி தடுத்துவிடும். அடுப்பு எரியும் நேரத்தில் கம்பளி சுற்றிய சிலிண்டர், சுற்றாததைவிடச் சீக்கிரம் மயங்கும்.

அடுத்தது, சிலிண்டரைப் படுக்கப் போடுவது. நம்மூரிலும் கேஸ் தீரும்போது செய்கிறார்கள். படுக்கப் போட்டால் திரவம் தொடும் பரப்பு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் திரவமே வால்வுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. ஒரு பங்கு திரவம் ஆவியானால் இருநூறு மடங்குக்கு மேல் விரியும். ரெகுலேட்டரையும் டியூப்பையும் ஆவிக்காகச் செய்திருக்கிறார்கள், திரவத்துக்காக அல்ல. திரவம் அடுப்புக்கு வந்தால் சுடர் ஆளுயரம் எழும். படுக்கப் போடக் கூடாது, தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. மெழுகுவர்த்தி, ஸ்டவ், நெருப்புச் சட்டி எதையும் சிலிண்டருக்கு அடியிலோ பக்கத்திலோ வைப்பதும் அப்படித்தான். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம்.

உண்மையில் வேலை செய்வது, சிலிண்டரைச் சூடான காற்று உள்ள இடத்தில் நிறுத்துவது. அவ்வளவுதான். ஆமா-லேயின் சமையலறை நடுவில் புகாரி என்னும் விறகடுப்பு எரியும். சிலிண்டர் அதிலிருந்து தள்ளி எதிர்மூலையில் நிற்கும். அறையில் பன்னிரண்டு, பதிமூன்று டிகிரி இருந்தாலே போதும், கடைசி நாலு கிலோவும் ஒழுங்காக எரிந்து தீரும். உள்ளே வைப்பதற்கு நிபந்தனை உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். குளிருக்குப் பயந்து கதவிடுக்கையெல்லாம் துணியால் அடைத்த அறையில் அது போக வழியிருக்காது. எரியும் புகாரியும் அதே அறையில் இருப்பதால் கதவுக்கடியில் ஓர் இடைவெளியை ஆமா-லே எப்போதும் விட்டுவைப்பார், குளிர்ந்த காற்று வந்தாலும் சரி என்று. டியூப்பையும் வாஷரையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்.

உள்ளே வைக்க இடமில்லாதவர்கள் தெற்குச் சுவரை ஒட்டி வைக்கிறார்கள். லேயில் குளிர்காலத்திலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். நிழலில் மைனஸ் 8 இருக்கும்போது வெயில்பட்ட இரும்பு கைக்கு இதமாக இருக்கும். என் சிலிண்டரை வடக்குத் திண்ணையிலிருந்து தெற்குப் பக்கம் மாற்றிய பிறகு மதியச் சமையலுக்குத் தொல்லையே இல்லை.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது, செலவில்லாதது. இரண்டு சிலிண்டர் இருந்தால் ஒன்று தீர்ந்த பிறகு அடுத்தது என்று போகாமல், நேரம் பார்த்து மாற்றி மாற்றிப் போடுவது. விடியற்காலையும் இரவும் புதுச் சிலிண்டர், ஏனென்றால் அதில் புரோப்பேன் இருக்கிறது. வெயில் ஏறிய மதியத்தில் பழைய சிலிண்டர், பியூட்டேன் அப்போதுதான் எழுந்து வேலை செய்யும். ரெகுலேட்டரை மாற்றும் நேரத்தில் வால்வை மூடி, அடுப்பை அணைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும். அது எப்போதும் உள்ளதுதான்.

இதைச் செய்யாதவர்கள் மிச்சக் கேஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் காலிச் சிலிண்டரின் எடை அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 15, 16 கிலோ அளவில். காலி என்று நினைப்பதை ஒரு தராசில் தூக்கி, அந்த எடையைக் கழித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் மூன்று கிலோ மிஞ்சியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய பியூட்டேன் அது.

அடுப்பு சரியாக எரியாததற்குக் குளிர் மட்டுமே காரணம் என்றும் முடிவுகட்டிவிட முடியாது. சுடரைப் பார்த்தே பிரிக்கலாம். நீலமாக, ஆனால் குட்டையாக, எல்லா பர்னரிலும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தால் அழுத்தம் போதவில்லை. உயரமாக, மஞ்சள் நுனியோடு பாத்திரத்தைக் கரியாக்கினால் கேஸ் தாராளமாக வருகிறது, காற்றுதான் போதவில்லை. 3,500 மீட்டரில் காற்று மெலிந்திருப்பதால் இது சகஜம். ஒரு பர்னர் நன்றாகவும் மற்றது மோசமாகவும் எரிந்தால் துளை அடைத்திருக்கிறது. சிலிண்டரை வெதுவெதுப்பான அறையில் ஓர் இரவு வைத்தும் சரியாகவில்லை என்றால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். கேஸில் கொஞ்சம் ஈரம் கலந்திருந்தால் அது ரெகுலேட்டரின் நுண்ணிய வழியில் பனிக்கட்டியாகி அடைப்பதுண்டு. உறைவது என்று ஒன்று நடந்தால் அந்த ஈரம்தான், கேஸ் இல்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, புரோப்பேனை மட்டுமே அடைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக்கு அடைத்துக் கொடுப்பது பெரும்பாலும் புரோப்பேன்தான். ஜப்பானில் வீட்டுச் சிலிண்டர்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் அதுதான். பிரிட்டனில் இரண்டையும் தனித்தனியாக விற்கிறார்கள்: வெளியே வைக்கச் சிவப்புச் சிலிண்டரில் புரோப்பேன், வீட்டுக்குள் வைக்கும் ஹீட்டருக்கு நீலச் சிலிண்டரில் பியூட்டேன்.

நம் நாட்டுக்கு அது அப்படியே ஒத்துவராது, வெயில்தான் காரணம். 40 டிகிரியில் பியூட்டேன் தரும் அழுத்தம் 4 பாருக்கும் குறைவு. புரோப்பேன் கிட்டத்தட்ட 14 பார் தரும். அதைவிடப் பெரிய சிக்கல் இடம். புரோப்பேன் திரவம் எடை குறைவு, அதனால் அதே கிலோவுக்கு அதிக இடம் கேட்கும், சூட்டில் வேகமாக விரியும். நம் சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் 14.2 கிலோ சுத்தப் புரோப்பேனை அடைத்தால் 60 டிகிரிப் பக்கம் திரவமே முழுச் சிலிண்டரையும் நிரப்பிவிடும், ஆவிக்கென்று இடமே இருக்காது. மே மாத வெயிலில் நிறுத்திய லாரிக்குள் இரும்பு எவ்வளவு சூடாகும் என்று யோசித்தால் அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். புரோப்பேன் வேண்டுமென்றால் நிரப்பும் அளவையும், ரெகுலேட்டரையும், சேர்ந்தே மாற்ற வேண்டும்.

கலவையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை 2021-இன் கடைசியில் இலங்கை பார்த்தது. வீடுகளில் அடுப்பும் கேஸ் இணைப்பும் தொடர்பான வெடிப்புகள் நாடு முழுக்க வரிசையாக நடந்தன, உயிர்கள் போயின. பியூட்டேன் அதிகமாக இருந்த கலவையில் புரோப்பேன் கூட்டப்பட்டிருந்தது, அதற்கேற்ப மற்றவை மாறவில்லை என்பதே விசாரித்த குழு முக்கியமாகக் காட்டிய காரணம். அங்கே யாரும் குளிரால் கஷ்டப்படவுமில்லை.

அதனால் லடாக் போன்ற இடங்களில் ஹோட்டல்களும் பெரிய சமையற்கூடங்களும் வேறு வழியில் போகின்றன. ஆவியை எடுப்பதற்குப் பதிலாகத் திரவத்தையே அடியிலிருந்து எடுக்கும்படி அமைத்த வால்வுச் சிலிண்டர்கள் இருக்கின்றன. அந்தத் திரவத்தை வேப்பரைசர் என்ற சாதனத்துக்குள் விட்டு, மின்சாரத்தாலோ வெந்நீராலோ சூடாக்கி ஆவியாக்கி, பிறகு அடுப்புக்கு அனுப்புவார்கள். இதில் இரண்டு லாபம். வெப்பத்துக்குக் காற்றை நம்ப வேண்டியதில்லை. திரவமாகவே எடுப்பதால் புரோப்பேன் முதலில் ஓடிப்போவதும் கிடையாது. முதல் கிலோவும் கடைசிக் கிலோவும் ஒரே கலவை. மின்சாரம் போனால் சமையலும் போகும் என்பது அதன் பலவீனம்.

சியாச்சினில் ராணுவம் இன்றுவரை மண்ணெண்ணெயை விடாமல் வைத்திருப்பதிலும் இதே நியாயம் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு அழுத்தம் கொடுப்பது எரிபொருள் இல்லை, பம்ப் அடிக்கும் கை. மைனஸ் முப்பதிலும் அந்தக் கை அசைந்தால் அடுப்பு எரியும், புகையும் கரியும் கூடவே வந்தாலும்.